உப்பு ஏன் மறைப்பெறுமானத்துக்குப் போகிறது: மைய வித்தியாசமும் கட்டப் பெக்லே எண்ணும்

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு முந்திய 2 கிலோமீற்றரை ஒரு நேர் வாய்க்காலாக வைத்து, மாரி வெள்ளம் கடலுக்கு ஓடும்போது உவர்ப்பு எப்படி இருக்கும் என்று பைதனில் எழுதினேன். ஓட்டம் செக்கனுக்கு 0.1 மீற்றர், பரவல் குணகம் செக்கனுக்கு 5 சதுர மீற்றர், 10 கட்டம், மைய வித்தியாசம். மேல் முனையில் 0, கடல் முனையில் 35. கடலுக்குப் பக்கத்துப் புள்ளியில் −11.67 வருகிறது! அதற்கு முந்தியதில் 3.89, பிறகு −1.30. நேரப்படியைக் குறைத்துப் பார்த்தும் அதே எண்கள்தான். கோட்டில் எங்கே பிழை, சேர்?

பதில்:

கோட்டில் பிழை இல்லை. நீங்கள் எழுதிய இயற்கணிதச் சமன்பாடுகளுக்கு −11.67 தான் சரியான விடை. கையால் தீர்த்தாலும் அதுவே வரும். அந்தச் சமன்பாடுகள் உங்கள் வாவியைச் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

நிலையான நிலையில் சமன்பாடு இது:

```
u dC/dx = D d²C/dx²
```

இடப்பக்கம் ஓட்டம் உப்பைச் சுமந்து போவது, வலப்பக்கம் பரவல். இரண்டையும் மைய வித்தியாசத்தில், சம இடைவெளி h வைத்து எழுதி, h²/D ஆல் பெருக்கினால் u, D, h மூன்றும் தனித்தனியாக நிற்காமல் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடும்:

```
Pe = u h / D
C[i] = ½(1 + Pe/2) C[i-1] + ½(1 − Pe/2) C[i+1]
```

இந்த Pe தான் கட்டப் பெக்லே எண். உங்கள் எண்களைப் போட்டால் 0.1 × 200 / 5 = 4. இரண்டாவது வரியில் இப்போது 4 ஐ வையுங்கள்:

```
C[i] = 1.5 C[i-1] − 0.5 C[i+1]
```

அந்த −0.5 இல் கொஞ்சம் நில்லுங்கள். பரவல் மட்டும் இருந்தால் ஒரு புள்ளியின் உவர்ப்பு இரண்டு அயல் புள்ளிகளின் சராசரி, அதாவது பாதிக்குப் பாதி. ஓட்டம் சேரும்போது மேல்பக்க அயலின் பங்கு கூடவும் கடல்பக்க அயலின் பங்கு குறையவும் வேண்டும், அது நியாயம். ஆனால் குறைந்து குறைந்து பூச்சியத்தையும் தாண்டி மறையாகிவிட்டது. அதன் பொருள், கடலில் உப்பைக் கூட்டினால் பக்கத்துப் புள்ளியில் உப்பு குறையும் என்பது. எந்த வாவியிலும் அப்படி நடக்காது. இரண்டு பங்கையும் கூட்டினால் இன்னும் 1 தான் வருகிறது. அதனால் கோடு ஒழுங்காக ஓடுகிறது, எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் பங்குகள் இரண்டும் நேராக இருந்தால் மட்டுமே விடை இரண்டு அயல்களுக்கும் இடையில் அடங்கும். ஒன்று மறையானதும் அந்தக் காவல் போய்விடுகிறது.

கடைசி உட்புள்ளியில் இதைச் சரிபார்க்கலாம். C[8] = 3.888, C[10] = 35. ஆகவே C[9] = 1.5 × 3.888 − 0.5 × 35 = 5.83 − 17.5 = −11.67. கடலின் 35 இல் பாதி அப்படியே கழிபட்டிருக்கிறது. பிறகு அந்த −11.67 தனக்கு மேல்பக்கத்துப் புள்ளியில் −0.5 ஆல் பெருகி நேராகிறது. அதுதான் 3.89. அது மீண்டும் குறி மாறி −1.30. நெளிவு கடல் முனையில் பிறந்து, ஓட்டத்துக்கு எதிராக மேலேறுகிறது.

எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். மேலுள்ள வரியில் C[i] = r^i என்று போட்டுப் பார்த்தால் இரண்டு மூலங்கள் கிடைக்கும். ஒன்று 1. மற்றது:

```
r = (2 + Pe) / (2 − Pe)
C[i] = 35 (r^i − 1) / (r^N − 1)
```

உண்மையான விடையில் r இன் இடத்தில் e^Pe இருக்கிறது, அது எப்போதும் நேர். மைய வித்தியாசம் அந்த அடுக்குக்குறிச் சார்பை ஒரு பின்னத்தால் போலி செய்கிறது. Pe சிறிதாக இருக்கும்போது போலி நன்றாகவே பொருந்தும். Pe = 2 இல் பின்னத்தின் கீழ்ப்பகுதி பூச்சியமாகிறது. அதைத் தாண்டினால் r மறை, r^i ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் குறி மாறும். உங்களுக்கு r = 6/(−2) = −3. அதனால்தான் −11.67, 3.89, −1.30, 0.43 என்று ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. நீங்கள் தந்த எண்களைப் பார்த்தவுடனேயே Pe = 4 என்று சொல்லிவிடக்கூடிய நிலை இது.

பௌதிகமாகப் பார்த்தால் D/u ஒரு நீளம். ஓட்டம் தள்ளுவதும் பரவல் எதிர்த்து ஏறுவதும் சமப்படும் எல்லைப் படலத்தின் தடிப்பு அது. இங்கே 5/0.1 = 50 மீற்றர். கடலின் 35 மேல்நோக்கி ஒவ்வொரு 50 மீற்றருக்கும் e மடங்கு குறைகிறது. உங்கள் இடைவெளி 200 மீற்றர். ஆகவே Pe என்பது ஒரு கட்டத்துக்குள் எத்தனை படலத் தடிப்பு அடங்குகிறது என்ற கணக்குத்தான். நான்கு தடிப்பை ஒரே கட்டத்துக்குள் அமுக்கிவிட்டு, அதன் சரிவை இரண்டு முனைப் புள்ளிகளால் அளக்கச் சொல்கிறீர்கள். உண்மையான விடையில் புள்ளி 9 இல் உவர்ப்பு 35 × e^−4 = 0.64, புள்ளி 8 இல் 0.012. உங்கள் 3.89 ஐ இந்த 0.012 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் மறைப்பெறுமானத்தை மட்டும் பிழை என்று எடுத்துக்கொண்டு np.maximum(C, 0) போட்டுவிடுவார்கள். அது இரண்டு வகையில் கெடுதி. இல்லாத உப்பை வாவிக்குள் சேர்க்கிறது, அதோடு நம்பும்படியாகத் தெரிகிற, உண்மையில் முந்நூறு மடங்குக்கும் மேல் பிழையான 3.89 ஐத் தொடாமல் விடுகிறது. நேர்ப் பெறுமானங்களும் நெளிவின் பகுதிதான்.

நேரப்படியைக் குறைத்தும் மாறாததற்குக் காரணம், இது உறுதிப்பாட்டுச் சிக்கல் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது மிகச் சாதாரணம், பாடக்குறிப்புகளில்கூட நடக்கும். முன்னோக்கிய ஒயிலர் முறையும் மைய வித்தியாசமும் சேர்ந்தால் உறுதியாக இருக்க Δt ஆனது 2D/u² ஐயும் h²/(2D) ஐயும் தாண்டக்கூடாது. உங்களுக்கு முதலாவது 1000 செக்கன், இரண்டாவது 4000 செக்கன். 1000 க்குக் கீழே எந்த Δt எடுத்தாலும் கணக்கு அமைதியாக ஓடி, அமைதியாக −11.67 இல் போய் நிற்கும். உறுதியின்மை என்றால் எண்கள் நேரத்தோடு பெருத்து வெடிக்கும். நெளிவு என்றால் எண்கள் ஓரிடத்தில் நின்றுவிடும், ஆனால் புள்ளிக்குப் புள்ளி குறி மாறும். உள்ளார்ந்த முறைக்கு மாறினாலும் இதே விடைதான், ஏனென்றால் நிலையான நிலையின் சமன்பாட்டில் Δt என்று ஒன்றே இல்லை.

இதை நேரடியாகப் பார்க்க, நேரத்தை முழுதாக விட்டுவிட்டு ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள்:

```python
import numpy as np
u, D, L, N = 0.1, 5.0, 2000.0, 10
Pe = u*(L/N)/D
A = np.zeros((N+1, N+1)); b = np.zeros(N+1)
A[0,0] = A[N,N] = 1; b[N] = 35
for i in range(1, N):
    A[i,i-1] = -(1 + Pe/2)
    A[i,i]   = 2
    A[i,i+1] = -(1 - Pe/2)
print(Pe, np.round(np.linalg.solve(A, b), 2))
```

N ஐ மட்டும் மாற்றி ஓட்டினால் Pe = 2 என்ற எல்லை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பது தெரியும். N = 20 போட்டால் இடைவெளி 100 மீற்றர், Pe சரியாக 2. நெளிவு மறைந்துவிடும். ஆனால் உட்புள்ளிகள் எல்லாம் சுத்தமாகப் பூச்சியம், கடல் முனையில் மட்டும் 35. உண்மையில் கடலிலிருந்து 100 மீற்றர் உள்ளே 4.74 இருக்கவேண்டும். N = 40 இல் Pe = 1, கடலுக்கு அடுத்த புள்ளியில் 11.67 வரும், உண்மை 12.88. N = 80 இல் Pe = 0.5, அங்கே 21.00, உண்மை 21.23. ஆகவே 2 என்பது குறி மாறாமல் இருப்பதற்கான எல்லை மட்டும். படலத்தின் வடிவம் தேவையென்றால் ஒரு தடிப்புக்கு இரண்டு புள்ளியாவது, அதாவது Pe 0.5 அளவில் வேண்டும். "Pe 2 க்குக் கீழே, எல்லாம் சரி" என்று அறிக்கையில் எழுதுவது தப்பான நிம்மதி.

பரவல் மிகவும் மெலிந்துவிட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். D ஐ 0.2 ஆக்குங்கள், 200 மீற்றர் இடைவெளியில் Pe = 100, r ஏறக்குறைய −1.04. நெளிவு இப்போது முகத்துவாரத்தோடு நிற்காமல் வாய்க்கால் முழுவதும் ஓடும். N = 10 என்றால் கடலுக்கு அடுத்த புள்ளியில் −173. N = 11 என்று ஒரு கட்டத்தைக் கூட்டினால் அதே இடத்தில் −7 அளவு, அதற்கு முந்தியதில் 33. கடலின் 35 ஐவிட ஐந்து மடங்கு பெரிய நெளிவு, கட்டங்களின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பதைப் பொறுத்து வந்து போகிறது. காரணம், மைய வித்தியாசத்தின் ஓட்ட உறுப்பில் C[i] இல்லவே இல்லை, C[i+1] உம் C[i−1] உம்தான். இரட்டைப் புள்ளிகளும் ஒற்றைப் புள்ளிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பரவல் ஒன்றுதான் வழி. அது மெலிந்தால் இரண்டு கூட்டமும் பிரிந்துவிடும். ஒரு கட்டம் கூட்டியோ குறைத்தோ விடை தலைகீழாக மாறினால் வேறு சான்று தேவையில்லை.

இனி என்ன செய்யலாம் என்பது. பலர் முதலில் கைவைப்பது அப்விண்ட் முறையில்: ஓட்ட உறுப்புக்கு மேல்பக்கப் புள்ளியை மட்டும் எடுப்பது. அப்போது r = 1 + Pe, எந்த Pe க்கும் நேர். நெளிவே வராது. ஆனால் விலை என்ன என்று பாருங்கள். உங்கள் வழக்கில் r = 5, புள்ளி 9 இல் 7.0 வரும், உண்மை 0.64. பத்து மடங்குக்கு மேல் அதிகம். கொஞ்சம் இயற்கணிதம் செய்தால், அப்விண்ட் என்பது பரவலை D இலிருந்து D + uh/2 ஆக்கிவிட்ட மைய வித்தியாசம் என்று தெரியும். uh/2 இங்கே 10. அதாவது பரவல் 5 அல்ல, 15 உள்ள வேறொரு வாவியை நீங்கள் தீர்க்கிறீர்கள். நெளிவுபோலக் கண்ணில் குத்தாததால் இந்தப் பிழை கூடுதல் ஆபத்தானது. களத்தில் அளந்த உவர்ப்போடு பொருத்தி D ஐக் கண்டுபிடிக்க முயன்றால், கிடைக்கும் எண்ணில் பெரும்பகுதி உங்கள் h இலிருந்து வந்ததாக இருக்கும்.

10 சேர்த்தால் அதிகம், ஒன்றும் சேர்க்காவிட்டால் நெளிவு. அப்படியானால் எவ்வளவு சேர்த்தால் சரியாக இருக்கும்? r ஐ e^Pe க்குச் சமப்படுத்தினால் விடை வந்துவிடும்: பரவலை D × (Pe/2) × coth(Pe/2) ஆக்கவேண்டும். உங்களுக்கு அது 10.37. கோட்டில் Pe வரிக்குக் கீழே ஒரு வரி போதும்:

```python
Pe = 2*np.tanh(Pe/2)
```

ஓட்டிப் பாருங்கள், அதே 10 கட்டத்தில் புள்ளி 9 இல் 0.64 வரும். இதை அடுக்குக்குறி முறை என்பார்கள். குறைகடத்திச் சாதனங்களுக்கு 1969 இல் ஷார்ஃபெட்டரும் கும்மெலும் எழுதிய முறை இதே கருத்துத்தான். ஆனால் ஒரு பரிமாணம், நிலையான நிலை, மாறாத u உம் D உம், இடையில் வேறு மூலம் எதுவும் இல்லை என்ற வழக்கில்தான் அது புள்ளிக்குப் புள்ளி சரி. இடையில் ஒரு ஆறு வந்து சேர்ந்தாலோ, உவர்ப்பு நேரத்தோடு மாறினாலோ, Pe பெரிதாக உள்ள இடங்களில் அது கிட்டத்தட்ட அப்விண்ட் போலவே மழுங்கடிக்கும்.

உங்கள் வழக்குக்கு எனக்குப் பிடித்த வழி வேறு: கட்டத்தைத் தேவையான இடத்தில் மட்டும் நுணுக்குவது. படலம் முகத்துவாரத்தோடு ஒட்டியிருக்கிறது. கடைசி 400 மீற்றருக்கு 25 மீற்றர் இடைவெளி வைத்தால் 16 கட்டம். மீதி 1600 மீற்றரை 200 மீற்றராகவே விட்டால் 8 கட்டம். மொத்தம் 24, முழுவதையும் நுணுக்கினால் 80. மேல்பகுதியில் Pe இன்னும் 4 தான். ஆனால் 400 மீற்றர் உள்ளே உவர்ப்பு ஏற்கனவே 0.01 அளவுக்கு இறங்கிவிட்டதால் அங்கே நெளிய ஒன்றுமில்லை. அடுத்த புள்ளியில் −0.003 வரும், அவ்வளவுதான். கவனிக்கவேண்டியது இரண்டு இடைவெளிகளும் சந்திக்கும் புள்ளி. அங்கே சம இடைவெளிச் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது, கட்ட எல்லைகளைக் கடக்கும் பாய்வுகளைக் கணக்கிட்டுச் சமப்படுத்தவேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. Pe 2 ஐத் தாண்டினால் நெளிவு வந்தே தீரும் என்றில்லை. வருவதற்கு வழி திறக்கிறது. நெளிவைத் தட்டி எழுப்ப ஒரு கூரிய மாற்றம் வேண்டும். உங்களிடம் அந்த மாற்றத்தை உண்டாக்குவது கடல் முனையில் நீங்கள் கட்டாயப்படுத்தும் 35. இங்கே கணிதத்தை விட்டு முகத்துவாரத்தைப் பார்க்கவேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் வெள்ளம் கடலுக்குக் கொட்டும்போது வாயில் நிற்பது வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் அல்ல. வெளியே போகும் தண்ணீருக்கு, கடைசிப் புள்ளியில் C இன் சரிவு பூச்சியம் என்ற நிபந்தனைதான் பொருத்தம். அதைப் போட்டால் Pe 40 ஆனாலும் இந்த நெளிவு வராது, ஏனென்றால் r^i இன் குணகம் பூச்சியமாகிவிடும். ஓட்டம் உள்ளே திரும்பும்போது மட்டும் 35 ஐக் கொடுங்கள்:

```python
C[N] = C[N-1] if u > 0 else 35.0
```

வெளியோட்டத்தின்போதும் உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதே உங்கள் கேள்வியானால் 35 ஐ வைத்திருக்கவேண்டும், அதற்குரிய நுண்கட்டமும் வேண்டும். எது கேள்வி என்று முதலில் முடிவெடுத்துவிட்டுக் கட்டத்தைத் தொடுங்கள்.

நேரத்தோடு மாறும் கணக்குக்குப் போகும்போது கூரிய மாற்றம் எல்லையில் மட்டும் இருக்காது. மழை வெள்ளத்தின் நன்னீர் முகப்பு வாய்க்கால் வழியே இறங்கிவரும்போது அதுவே நகரும் படலம். மைய வித்தியாசம் குறுகிய அலைகளை உரிய வேகத்தில் நகர்த்தாது. இரண்டு கட்ட நீளமுள்ள மிகக் குறுகிய அலையின் வேகம் பூச்சியம், அது நின்ற இடத்திலேயே கிடக்கும். அதனால் முகப்பு கடந்துபோன இடங்களில், மேல்பக்கத்தில், நெளிவு எஞ்சும். அதைத் தேய்ப்பது பரவல் மட்டும், செக்கனுக்கு 4D/h² என்ற வீதத்தில். உங்களுக்கு அது 0.0005, அதாவது e மடங்கு குறைய 2000 செக்கன், அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் முகப்பு 200 மீற்றர், ஒரு கட்டம், நகர்ந்திருக்கும். D இன்னும் சிறிதானால் நெளிவு நெடுநேரம் கிடக்கும்.

அங்கே நிலையான கட்டத்தை நுணுக்கி ஓடும் முகப்பைப் பிடிக்க முடியாது. 1959 இல் கொடுனோவ் காட்டியபடி, புதிய உச்சத்தையோ பள்ளத்தையோ உண்டாக்காத நேரியல் முறை எதுவும் ஓட்ட உறுப்பில் முதல் வரிசைத் துல்லியத்தைத் தாண்டாது. ஆகவே நேரியலை விடவேண்டும்: மட்டான இடத்தில் மைய வித்தியாசம்போலவும் கூரான இடத்தில் அப்விண்ட்போலவும் நடந்துகொள்ளும், வரம்பி பொருத்திய பாய்வு முறைகள் அதற்குத்தான். தொடங்க வான் லியர் வரம்பி போதும். எழுதி முடித்ததும், முதலில் பரவலைப் பூச்சியமாக்கி, 0 இலிருந்து 35 க்கு ஏறும் ஒரு படியை ஓடவிட்டுப் பாருங்கள். Δt போதிய அளவு சிறிதாக இருந்தும், எந்த நேரத்திலும் C இன் மிகக் குறைந்த பெறுமானம் 0 க்குக் கீழேயோ மிகக் கூடியது 35 க்கு மேலேயோ போனால் வரம்பியை எங்கோ தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலும் சரிவு விகிதத்தின் மேலும் கீழும் இடம் மாறியிருக்கும்.